ரோட்டியும் இல்லை, ரோடியும் இல்லை: இந்தியின் ட-வும் த-வும்

ட-வைச் சொல்லும்போது நாக்கின் நுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தொடுகிறது. த-வைச் சொல்லும்போது அதே நுனி வளையாமல் விரிந்து, மேல்வரிசைப் பற்களின் உட்புறத்தில் படிகிறது. முன்னதை வளைநாவொலி என்றும் பின்னதைப் பல்லொலி என்றும் மொழிநூலார் சொல்வர். தொல்காப்பியத்தின் பிறப்பியலும் இவற்றை ஏறக்குறைய இப்படித்தான் பிரிக்கிறது. நாநுனி அண்ணத்தைத் தொட்டால் ட, ண. பல்லின் அடியில் நாநுனி பரந்து ஒற்றினால் த, ந. இந்தியிலும் இதே இரண்டு இடங்கள்தான். எழுத்துகளை அடுக்கும் முறையும் நாம் அறிந்ததுதான்: க, ச, ட, த, ப.

கட்டி என்பதும் கத்தி என்பதும் வேறு வேறு என்று தமிழ்க் குழந்தைக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆங்கிலம் மட்டும் கேட்டு வளர்ந்தவர்களுக்கோ இந்த இரண்டும் ஒன்றாகவே கேட்கும். கனடாவின் வான்கூவரில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இரு உளவியலாளர்கள் இதைக் குழந்தைகளிடம் சோதித்து 1984-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்த ஆறேழு மாதக் குழந்தை இந்தியின் ட, த இரண்டையும் வேறுபடுத்திக் கேட்டது. ஒரு வயதை நெருங்கும்போது அந்தத் திறன் பெரும்பாலும் மங்கிவிட்டது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இந்தி உச்சரிப்புப் பாடங்கள் நாக்கு எங்கே படவேண்டும் என்பதையே பக்கம் பக்கமாகப் பேசுவதற்குக் காரணம் இதுதான். தமிழர் அந்தப் பக்கங்களைத் தாராளமாகத் தாண்டிப் போகலாம்.

ஆனாலும் தமிழர் பேசும் இந்தியில் ட-வும் த-வும்தான் அதிகம் தடுமாறுகின்றன. நாக்கு சரியான இடத்தைத் தொடுகிறது. தொட்டபின் எழுகிற ஓசைதான் மாறிப்போகிறது. அதற்கான காரணம் தமிழின் எழுத்து முறைக்குள்ளேயே இருக்கிறது.

ஒரு ட, மூன்று ஓசை

தமிழில் ட ஒரே எழுத்து. பட்டு, வண்டு, வீடு என்ற மூன்று சொற்களையும் தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு மெல்லச் சொல்லிப் பார்த்தால், அது ஒரே ஓசை இல்லை என்பது தெரியும். பட்டில் வருவது வல்லோசை. நாக்கு அண்ணத்தை அடைத்து நிற்கும் நேரத்தில் தொண்டையில் அதிர்வு இல்லை. வண்டில் நாக்கு அதேபோல் அடைக்கிறது, ஆனால் அதிர்வு தொடர்கிறது. வீட்டில் நாக்கு அடைத்து நிற்பதுகூட இல்லை. அண்ணத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கீழே விழுகிறது. த-வும் அப்படியே. தாத்தா என்ற சொல்லின் முதல் தா வல்லோசை. பந்து என்பதில் அதிர்வோடு கூடிய முழு அடைப்பு. கதை என்பதில் நாக்கு பல்லை முழுதாக அடைப்பதே இல்லை. இடுக்கு வழியே காற்று உரசிக்கொண்டு வெளியேறுகிறது.

எந்த இடத்தில் எந்த ஓசை என்பதைத் தமிழில் சொல்லின் அமைப்பே தீர்மானிக்கிறது. முதலில் வந்தாலும் இரட்டித்தாலும் வல்லோசை, மெல்லினத்துக்குப் பின் அதிர்வோசை, இரண்டு உயிர்களுக்கு நடுவே தனியாக வந்தால் மென்மை. தமிழருக்கு இது பிறவிப் பழக்கம். விதி என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு தமிழ் தடையின்றி ஓடுவதும் இதனால்தான்.

இந்தியில் இப்படி இடம் பார்த்து ஓசை மாறுவதில்லை. எழுத்து எதுவோ அதுவே ஓசை. ட வரிசையில் நான்கு எழுத்து, த வரிசையில் நான்கு எழுத்து. சொல்லின் தொடக்கத்திலோ நடுவிலோ கடைசியிலோ எங்கே வந்தாலும் ஒவ்வொன்றும் தன் ஓசையை விடாது. தமிழ் எழுத்தில் அச்சான வடமொழித் தோத்திர நூல்களில் இந்த நான்கையும் எண் போட்டுக் காட்டும் வழக்கம் உண்டு. எண் இல்லாத ட வல்லோசை, ட² அதே வல்லோசை, கூடவே ஒரு மூச்சு, ட³ அதிர்வோசை, ட⁴ அதிர்வோசையும் மூச்சும். இங்கே ட, த இரண்டுக்கு மட்டும் அந்த எண்கள் இடப்படுகின்றன. வாசிப்பவர் மனதில் கொள்ள வேண்டியது ஒன்றே: எண் இல்லாமல் ட வந்தால், அது எந்த இடமானாலும் ‘டீ குடித்தேன்’ என்பதில் வரும் ட, எண் இல்லாத த, தாத்தாவின் முதல் த.

ரொட்டி கேட்டால் ஜல்லி

இந்தியில் ரொட்டிக்குப் பெயர் ரோடீ. ஓ நெடில், ட ஒற்றை, ஆனால் வல்லோசை. தமிழில் இப்படி ஓர் அமைப்பு இல்லை. உயிர்களுக்கு நடுவே ஒற்றை ட வந்தால் தமிழ் நாக்கு அதைத் தட்டி மென்மையாக்கிவிடும். வல்லோசை வேண்டுமென்றால் இரட்டித்தே ஆகவேண்டும். அதனால்தான் அந்தச் சொல் தமிழுக்கு வந்தபோது ரொட்டி ஆயிற்று. கோதுமை மாவின் இந்திப் பெயர் ஆடா. ஆடா என்று எழுதினால் தமிழர் ‘ஆடாதே’ என்பதில் வருவதுபோல் படிப்பார்கள் என்பதால் மாவுப் பொட்டலங்களில் ‘ஆட்டா’ என்று அச்சிடுகிறார்கள். தமிழுக்குள் இவை சரியான தீர்வுகளே. இந்தி பேசும்போது இரண்டு வழியுமே தவறாகப் போகிறது.

மென்மையாக்கினால் வேறு சொல்லில் போய் விழும். தமிழ் ‘வீடு’ போல ரோடி என்று சொன்னால் இந்திக்காரர் காதில் அது சாலை போடும் ஜல்லி. மகளைக் குறிக்கும் பேடீ என்ற சொல்லை அப்படி மென்மையாக்கினால் கால்விலங்கு. வெட்டினான் என்ற பொருள்தரும் காடா, தமிழ்க் காடு போல ஒலித்தால் கஷாயம் என்பதற்கு மிக அருகில் போய்விடும். இரட்டித்தாலும் தப்பிக்க முடியாது. முகவரிக்கு இந்தியில் பதா. தகரத்தை இரட்டித்துப் பத்தா என்றால் இலை. ‘ஆப்கா பத்தா க்யா ஹை’ என்று கேட்கும் தமிழர், எதிரில் இருப்பவரின் இலை எதுவென்று விசாரிக்கிறார். சூழலை வைத்துப் பொருளைப் புரிந்துகொண்டு பதில் சொல்லிவிடுவார்கள் என்பதால் பேசியவருக்குப் பிழை தெரிவதே இல்லை. பல ஆண்டுகள் வட இந்தியாவில் இருந்தும் சிலரிடம் இது திருந்தாமல் நிற்பதற்கு அதுவே காரணம் என்று தோன்றுகிறது.

திருத்தும் வழி தமிழிலேயே இருக்கிறது. வல்லோசை ஒற்றையாக வருவது தமிழில் சொல்லின் தொடக்கத்தில் மட்டும். ஆகவே சொல்லை நடுவில் வெட்டி, பின்பாதியைப் புதுச் சொல்லாகத் தொடங்கவேண்டும். ரோ என்று சொல்லி ஒரு கணம் நிறுத்தி, டீ என்று டீக்கடை டீயைச் சொன்னால் ரோ-டீ. அதேபோல் பே-டீ. பருமனான பெண்ணைக் குறிக்கும் சொல் மோ-டீ. மாவுக்கு ஆ என்று சொல்லி, டாக்சியின் டா-வைச் சேர்க்கலாம். முகவரிக்குப் ப என்று சொல்லிவிட்டுத் தாத்தாவின் முதல் தா. இடைவெளியைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வந்தால் இரண்டு பாதியும் ஒட்டிக்கொள்ளும், வல்லோசை கெடாது. எங்கே நழுவுகிறது என்பதைத் தொண்டையில் வைத்த விரல் காட்டிக்கொடுக்கும். ரோ-வுக்கும் டீ-யின் ஈகாரத்துக்கும் நடுவே அதிர்வு ஒரு நொடிக்கும் குறைவான நேரமேனும் அறுபட வேண்டும். அறுபடாமல் ஓடினால் அது ஜல்லிதான்.

நந்தியிலிருந்து நதிக்கு

இந்தியில் ஆற்றுக்குப் பெயர் நதீ³. தமிழிலும் நதி உண்டு என்பதால் யாரும் இதைப் பயிற்சி செய்யவேண்டிய சொல்லாக நினைப்பதில்லை. ஆனால் தமிழ் நதியில் நாக்கு பல்லை முழுதாக அடைப்பதில்லை. இந்தி நதீ³-யில் அடைக்கிறது. இங்கே பொருள் மாறாது, காதில் மட்டும் தென்னாட்டு வாடை அடிக்கும். ஆத்³மீ (ஆள்), தா³தா³ (அப்பாவின் அப்பா), பாத்³ (பிறகு) எல்லாவற்றிலும் இதே கதை.

அதிர்வோடு கூடிய முழு அடைப்பு தமிழில் எங்கே கிடைக்கும் என்றால், மெல்லினத்துக்குப் பின்னால். நந்தி என்று பலமுறை சொன்னால் நாக்கு பல்லை அழுத்தமாக அடைப்பதை உணரலாம். அந்த அழுத்தத்தை விடாமல் நகர ஒற்றை மட்டும் சுருக்கிக்கொண்டே வந்து கடைசியில் விட்டுவிட்டால் எஞ்சுவது இந்தியின் நதீ³. பந்தாவிலிருந்து ‘பதா³’, சந்தாவிலிருந்து எளிமை என்ற பொருள்தரும் ‘ஸாதா³’ என்று எத்தனையோ செய்து பார்க்கலாம்.

இரட்டித்த அதிர்வோசை இன்னொரு பொறி. தமிழில் இரட்டித்தாலே வல்லோசை. இந்தியில் அதிர்வோசையும் இரட்டிக்கும். நாம் லட்டு என்று சொல்லும் இனிப்பு இந்தியில் லட்³டூ³. இரண்டு ட-வும் அதிரவேண்டும். தமிழில் சொல்வதுபோலவே லட்டு என்றால் இந்தியில் அது பம்பரம். மெத்தைக்குக் கத்³தா³, அட்டைக்குக் கத்தா. இரண்டிலும் முதல் எழுத்து அதிர்வோசைக் க. டப்பா என்ற சொல்லைச் சென்னையில் சொல்லும்போது நடுவில் வரும் இரட்டைப் ப அதிர்ந்தே ஒலிக்கிறது. அந்த அதிர்வை நாக்கின் நுனிக்கு மாற்றினால் லட்³டூ³ கிடைக்கும்.

சொல்லின் முதலில்

தமிழ்ச் சொற்கள் ட-வில் தொடங்குவதில்லை என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. இன்றைய தமிழரின் நாக்கு அந்த விதியை எப்போதோ தாண்டிவிட்டது. டீ, டிக்கெட், டம்ளர், டப்பா, டாக்டர் எல்லாம் அன்றாடச் சொற்கள். இதில் கவனிக்க வேண்டியது, டீயும் டாக்டரும் ஒரே எழுத்தில் தொடங்கினாலும் ஒரே ஓசையில் தொடங்குவதில்லை. டீ வல்லோசை, டாக்டர் அதிர்வோசை. தேவி, தர்மம் போன்ற சொற்களையும் பலர் அதிர்வோடுதான் சொல்கிறார்கள். தந்தை, தண்ணீர் இரண்டிலும் அதிர்வு இல்லை. ஆக இந்த ஓசைகள் தமிழர் வாயில் இருக்கின்றன. எழுத்தில் வேறுபாடு காட்டப்படாததால், புதிய இந்திச் சொல் வரும்போது எதை எடுப்பது என்ற குழப்பம் மட்டுமே மிச்சம்.

இந்தக் குழப்பத்தின் தடத்தைத் தமிழ்ச் செய்தித்தாள்களில் பார்க்கலாம். தலைநகரின் பெயர் இந்தியில் பல்லொலியில் தொடங்குகிறது: தி³ல்லீ. ஆங்கில எழுத்து வழியே வந்ததால் தமிழில் அது டெல்லி ஆகிவிட்டது. தில்லி என்று எழுதும் பழக்கம்தான் மூலத்துக்கு நெருக்கம். டேராடூன் என்று எழுதப்படும் ஊரின் பெயரில் உண்மையில் ஒரு ட-வும் இல்லை. இந்தியில் அது தே³ஹ்ராதூ³ன். எதிர்த்திசையிலும் பிழை நடக்கிறது. மும்பைக்குப் பக்கத்தில் உள்ள ஊர் மராத்தியில் டா²ணே. ஆங்கிலத்தில் Thane என்று பார்த்துத் தமிழில் தானே என்று எழுதுகிறோம். தாகூர் என்று நாம் சொல்லும் பெயரும் வங்காளியில் ட² என்ற வளைநாவொலியில்தான் தொடங்குகிறது.

மோடி என்ற குடும்பப் பெயர் இன்னும் துல்லியமான பாடம். குஜராத்தியிலும் இந்தியிலும் அது பல்லொலி: மோதீ³. முத்துக்கு இந்தியில் மோதீ. பருமனான பெண்ணுக்கு மோடீ. திருப்பினான், மடக்கினான் என்ற வினையின் பெண்பால் வடிவத்தை நாம் தமிழ் ‘மோடி’ சொல்வதுபோலத்தான் ஒலிக்கிறார்கள். நான்கு வேறு ஓசைகளுக்குத் தமிழ் எழுத்தில் மோதி, மோடி என்ற இரண்டே வடிவங்கள் இருக்கின்றன. இந்த நான்கையும் வரிசையாகச் சொல்லி, கேட்பவர் நான்காகப் பிரித்துச் சொன்னால் ட-த பாடத்தில் பாதிக்கு மேல் முடிந்தது.

படா, ஜோடி, கிச்சடி

இந்தி எழுத்துகளில் ட³-வுக்கு அடியில் ஒரு புள்ளி வைத்த எழுத்து உண்டு. சமஸ்கிருத நெடுங்கணக்கில் இது இல்லை. உயிர்களுக்கு நடுவே ட³ தேய்ந்து தட்டொலியானபோது, அதைக் காட்டப் பின்னாளில் புள்ளி சேர்த்தார்கள். மற்ற மொழிக்காரர்களை மிகவும் படுத்தும் எழுத்து இது. ரோமன் எழுத்தில் சிலர் r என்றும் சிலர் d என்றும் எழுதுவதால் வெளிநாட்டவர் ர-வா ட-வா என்று திகைப்பார்கள். ஒடிசாவை ஆங்கிலேயர் ஒரிசா என்று எழுதியதும், 2011-இல் சட்டம் கொண்டுவந்து அதை மாற்றியதும் இந்த ஓர் ஓசையைச் சுற்றித்தான்.

தமிழருக்கு இது இலவசமாகக் கிடைத்திருக்கிறது. வீடு, பாடு, வடை ஆகியவற்றில் நாக்கு செய்வது அதே தட்டுதான். வடையின் பெயரை இந்தியில் எழுதுபவர்களும் புள்ளியிட்ட எழுத்தையே பயன்படுத்துகிறார்கள். சென்னைப் பேச்சில் வரும் ‘படா’ என்பது இந்தியில் பெரிய என்ற பொருள்தரும் அதே சொல். முதல் எழுத்தை அதிர்வாக்கினால் போதும், ட-வில் திருத்த ஒன்றுமில்லை. ஜோடி, கிச்சடி, பக்கோடா, பேடா, சுடிதார் எல்லாம் இந்தியில் புள்ளியிட்ட எழுத்துள்ளவை. தமிழில் வழங்கும்போதும் அந்தத் தட்டு கெடவில்லை.

பிழை வருவது கண்ணால்தான். ரோமன் எழுத்தில் larka, sarak, ghora என்று படித்துவிட்டு லர்கா, ஸரக், கோரா என்று சொல்பவர்கள் உண்டு. பையனுக்கு லட்³கா, சாலைக்கு ஸட³க், குதிரைக்குக் கோடா³. கோரா என்றால் வெள்ளைத் தோல்காரன். சண்டிகர், அலிகர் என்று நாம் எழுதும் ஊர்ப் பெயர்களின் கடைசியிலும் ர் இல்லை. மூச்சோடு கூடிய தட்டொலி இருக்கிறது. அதே சமயம் பீகார்ப் பகுதிகளில் பலர் இந்த ஒலியை ர-வாகவே சொல்வார்கள். அவர்களிடம் பழகியவர் குதிரையைக் கோரா என்று கேட்டிருந்தால் அது காதின் கோளாறு இல்லை.

மூச்சும், th என்ற எழுத்தும்

ட², த², ட⁴, த⁴ ஆகிய நான்கும் தமிழில் அறவே இல்லாதவை. இங்கேதான் புதிதாகக் கற்க வேண்டியது இருக்கிறது. த-வில் நாக்கு விடுபட்ட உடனே, ஏறத்தாழ ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கு நேரத்தில் அடுத்த உயிரின் அதிர்வு தொடங்கிவிடுகிறது. த²-வில் அந்த இடைவெளி நாலைந்து மடங்கு நீளம்; அந்த நேரத்தில் மூச்சுக்காற்று மட்டும் போகிறது. வாய்க்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துச் சொன்னால், த-வுக்கு அது அசையக் கூடாது, த²-வுக்குத் துடிக்க வேண்டும். ட⁴, த⁴ இரண்டிலும் அதிர்வு நிற்காமல் மூச்சும் கலந்து வரும்; காகிதம் அங்கே அவ்வளவு உதவாது. பெருமூச்சு விட்டுக்கொண்டே பேசும் குரல்தான் அதற்கு அடையாளம்.

ஏழு ஸாத், அறுபது ஸாட்². மூச்சை விட்டுவிட்டாலும் நாக்கின் இடம் வேறு என்பதால் தமிழர் இதில் பிழைத்துக்கொள்வார்கள். ஆனால் ‘உடன்’ என்பதற்கு ஸாத்². மூச்சை விட்டால் அது ஏழுதான். படிப்பதற்குப் பட்⁴னா, விழுவதற்குப் பட்³னா. இவற்றில் மூச்சைத் தவிர வேறு கைப்பிடி இல்லை. சொல்லின் கடைசியில் வரும் எழுத்து தமிழருக்கு இன்னொரு இடைஞ்சல். வல்லெழுத்தில் சொல் முடிவது தமிழ் மரபில் இல்லாததால், ஸாத் என்பது ஸாத்து ஆகிவிடும். குற்றியலுகரத்தைச் சேர்க்காமல், நாக்கைப் பல்லில் ஒட்டவைத்து மெல்ல விடுவதோடு நிறுத்தவேண்டும்.

கைப்பேசியில் ரோமன் எழுத்தில் இந்தி தட்டுபவர்களைப் பார்த்துக் கற்பது இங்கே பெரிய ஆபத்து. தமிழர் th என்று எழுதினால் அது வெறும் பல்லொலி என்று பொருள். அதனால்தான் லதாவை Latha என்றும் கீதாவை Geetha என்றும் எழுதுகிறோம். வடக்கே t என்பது ட-வாகவும் இருக்கலாம், த-வாகவும் இருக்கலாம். H சேர்ந்தால் மூச்சு. அங்கே லதா Lata, Latha என்று எழுதியதைப் பார்த்தால் லதா² என்றே படிப்பார்கள். போதாததற்கு அறுபதையும் ‘உடன்’ என்பதையும் அவர்கள் ஒரே மாதிரி saath என்று எழுதுகிறார்கள். ரோமன் எழுத்தை நம்பி இந்த வேறுபாட்டைக் கற்கவே முடியாது. தேவநாகரியில் இந்த எட்டு எழுத்துகளையும் புள்ளியிட்ட இரண்டையும் முதலில் கற்றுவிடுவது, பார்க்கச் சுற்றுவழி போலிருந்தாலும், குறுக்குவழி.

எவ்வளவு வளைப்பது?

பீட்டர் லேடஃபோகட், பெரி பாஸ்கரராவ் ஆகிய ஒலியியலாளர்கள் 1983-இல் வெளியிட்ட ஆய்வில் இந்தி, தமிழ், தெலுங்கு பேசுவோரின் வளைநாவொலிகளை ஒப்பிட்டார்கள். தமிழரின் நாக்கு நன்றாகப் பின்னே சுருண்டு, நுனியின் அடிப்பக்கமே கடினமான அண்ணத்தில் படுகிறது. இந்திக்காரரின் நாக்கு அவ்வளவு சுருள்வதில்லை. நுனி மட்டும் பல்மேட்டுக்குச் சற்றுப் பின்னால் தொடுகிறது. நம் ட-வை அப்படியே இந்தியில் போட்டாலும் யாருக்கும் ஐயம் வராது, சற்றுக் கனமாகக் கேட்கும், அவ்வளவே. கனம் வேண்டாம் என்பவர்கள் ‘டிக்கெட்’ என்று ஆங்கிலச் சாயலில் சொல்லும்போது நாக்கு எங்கே தொடுகிறதோ, அதற்குக் கொஞ்சம் பின்னே நிறுத்திக்கொண்டால் சரியாக இருக்கும். யாழ்ப்பாணத்தார் ஆங்கிலச் சொற்களின் இந்த ஓசையை ற, ர கொண்டு எழுதுவார்கள். டொராண்டோ அவர்களுக்கு ரொறன்ரோ. அந்தப் பழக்கத்தை இந்தி ட-வுக்குக் கொண்டுவந்தால் நாக்கு மிகவும் முன்னே வந்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் பார்க்க வேண்டுமானால், வட இந்திய வீட்டுச் சமையலறையில் சாதாரணமாகக் கேட்கும் ஒன்று போதும். ‘பேடீ, தா³தீ³ கோ தோ³ ரோடீ தே³ தோ³.’ மகளே, பாட்டிக்கு இரண்டு ரொட்டி கொடு என்பது பொருள். இதைத் தமிழ்ப் பழக்கத்தில் ‘பேடி, தாதி கோ தோ ரோடி தே தோ’ என்று படித்தால் முதல் சொல்லிலேயே மகள் விலங்காகிவிடுகிறாள். பே அதிரவேண்டும், அதை அடுத்த டீ-யில் அதிர்வு அறவேண்டும். தா³தீ³-யில் நிலைமை தலைகீழ்: முதல் தா³ தொடங்கும் முன்பே தொண்டை அதிரத் தொடங்கி, இரண்டாவது தீ³ முடியும் வரை எங்கும் அறுபடக் கூடாது, நாக்கும் உரசாமல் நந்தியில் போல முழுதாக அடைக்கவேண்டும். அடுத்து வரும் தோ³, அதிர்வு இல்லாமல் தாத்தாவின் த-வாகப் போனால் ‘இரண்டு’ என்பது மறைந்து ‘அப்படியானால்’ என்ற இடைச்சொல் வந்துவிடும். பிறகு ரோ-டீ. கடைசியில் தே³ தோ³ இரண்டும் ஒரே மூச்சில் அதிர்ந்து முடியவேண்டும். ஏழே சொற்கள் கொண்ட இந்த வாக்கியத்தில் நாக்கு போகவேண்டிய இடத்தில் தமிழர் ஒருமுறைகூடத் தவறுவதில்லை. அதிர்வு எங்கே ஓடவேண்டும், எங்கே நிற்கவேண்டும் என்பதில்தான் வேலை.

தன் உச்சரிப்பைத் தானே கேட்டுத் தீர்ப்புச் சொல்வது கடினம். எதைச் சொல்ல நினைத்தோமோ அதையே காது கேட்டுவிடும். தால் (தாளம்), தா²ல் (பெரிய தட்டு), தா³ல் (பருப்பு), டால் (தள்ளிப்போடு), டா³ல் (கிளை), டா⁴ல் (கேடயம்) என்ற ஆறு சொற்களையும் சீட்டுகளில் எழுதிக் கலைத்து, ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துக் கைப்பேசியில் பதிவு செய்யவேண்டும். அதை இந்தி தாய்மொழியான ஒருவரிடம் கொடுத்து, காதில் விழுந்ததைத் தேவநாகரியில் எழுதித் தரச் சொல்வதே நம்பகமான சோதனை. அவர் எழுதியதையும் சீட்டுகளின் வரிசையையும் ஒப்பிட்டால் எது எதுவாக மாறுகிறது என்பது வெட்டவெளிச்சமாகும். தா³ல் என்பது தால் ஆனால் அதிர்வு தாமதமாகத் தொடங்குகிறது. தா²ல் என்பது தால் ஆனால் மூச்சு போதவில்லை. டா³ல் தா³ல் ஆவது தமிழரிடம் அநேகமாக நடக்காது. நடந்தால், சீட்டைத் தவறாகப் படித்திருக்க வாய்ப்பு அதிகம்.

ண-வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காரண், குண், ப்ராண் போன்ற சொற்களில் இந்தியிலும் எழுத்து ண-தான். தமிழர் சொல்லும் ண அங்கே அப்படியே பொருந்தும். ஆனால் இந்தி பேசும் பலர் பேச்சில் அதை ன-வாகவே சொல்வார்கள். கேட்டு எழுதும்போது காரன் என்று காதில் விழுந்தாலும், எழுத்தில் ண போட்டுக்கொள்ள வேண்டும்.